அக்யூரசி 97, ஆனாலும் ஓடிபி வரவில்லை: ஸ்பேம் வடிகட்டியைச் சோதிக்கும் வழி

எஸ்எம்எஸ் ஸ்பேம் வடிகட்டி செய்து பார்க்காத அனலிட்டிக்ஸ் மாணவர் அபூர்வம். எல்லோரும் எடுப்பது பெரும்பாலும் ஒரே தரவு: யுசிஐ களஞ்சியத்தில் உள்ள எஸ்எம்எஸ் ஸ்பேம் தொகுப்பு. மொத்தம் 5,574 குறுஞ்செய்திகள். அவற்றில் 4,827 நல்லவை, 747 ஸ்பேம். கோப்பில் நல்லவற்றுக்கு `ham` என்றும் மற்றதற்கு `spam` என்றும் எழுதியிருக்கும். மாதிரி, அதாவது மாடல், அரை மணி நேரத்தில் ஓடிவிடும். அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும்.

தடுமாற்றத்தில் கொஞ்சம் நம் மொழிக்கும் பங்கு உண்டு. அக்யூரசி, பிரசிஷன் இரண்டையுமே பாடப்புத்தகங்கள் 'துல்லியம்' என்று எழுதிவிடுகின்றன. அதனால் இங்கே ஆங்கிலப் பெயர்களையே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்கிறேன். பொருளுக்கு முறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசியில் கல் பொறுக்குகிறீர்கள். பொறுக்கி எறிந்தவற்றில் எத்தனை உண்மையிலேயே கல் என்பது பிரசிஷன். அரிசியில் இருந்த எல்லாக் கற்களிலும் எத்தனையைப் பொறுக்கினீர்கள் என்பது ரீகால். கல்லோடு சேர்த்து அரிசியை எறிந்தால் பிரசிஷன் குறையும். சோற்றில் பல்லில் கல் கடித்தால் ரீகால் குறைந்திருக்கிறது.

இனி வரும் எல்லாச் சோதனைகளுக்கும் ஒரே கணக்கு. தொகுப்பில் ஸ்பேம் 13.4 சதவீதம். அதே விகிதத்தில் 1,000 செய்திகளைச் சோதனைக்கு ஒதுக்கியதாகக் கொள்வோம்: 866 நல்லவை, 134 ஸ்பேம். மாதிரி தந்த முடிவை, விளக்கத்துக்காக நானே வைத்த எண்களில், இப்படி வைத்துக்கொள்கிறேன்:

```
               கணிப்பு ham   கணிப்பு spam
உண்மை ham         860            6
உண்மை spam         20          114
```

இதுதான் கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ். நாலே பெட்டி. பிரசிஷன் வலது நெடுவரிசையில் இருக்கிறது: ஸ்பேம் என்று ஒதுக்கிய 120-ல் 114 சரி, அதாவது 95 சதவீதம். ரீகால் கீழ் வரிசையில் இருக்கிறது: 134 ஸ்பேமில் 114 பிடிபட்டது, 85 சதவீதம். மொத்தச் செய்திகளில் சரியாகச் சொன்னவை எத்தனை என்பது அக்யூரசி: 860-உம் 114-உம் சேர்த்து 974/1000, அதாவது 97.4. சிக்கல் எதுவானாலும் முதலில் இந்த நாலு எண்களுக்கு வாருங்கள். விகிதங்கள் பொய் சொல்லாவிட்டாலும் பல விஷயங்களை விழுங்கிவிடும்.

அறிகுறி: அக்யூரசி 86.6 வருகிறது, எதை மாற்றினாலும் நகரவில்லை

இந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். 866-ஐ 1,000-ஆல் வகுத்தால் அதே எண்தான். மாதிரி எல்லாவற்றையும் `ham` என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறது. மேட்ரிக்ஸில் வலது நெடுவரிசை முழுக்கப் பூஜ்யமாக இருந்தால் நோய் உறுதி. ரீகால் 0. பிரசிஷனுக்கு வகுக்கும் எண்ணே பூஜ்யம் என்பதால் பைத்தானின் சைகிட்-லேர்ன் நூலகம் `UndefinedMetricWarning` என்று எச்சரித்துவிட்டு 0 என்று போட்டுவிடும். அந்த எச்சரிக்கை அழகைக் கெடுக்கிறது என்று அதை அணைத்துவைக்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். நோயாளியின் வாயைப் பொத்திவிட்டு நோய் போய்விட்டது என்பது போல.

காரணம் பெரும்பாலும் சாதாரணமானது: சொற்களை எண்களாக மாற்றும் படியில் எல்லாம் பூஜ்யமாகப் போயிருக்கும், அல்லது சொற்பட்டியலின் அளவை ஒன்றாக வைத்துச் சோதனைத் தரவுக்கு வேறொரு வெக்டரைசரைப் புதிதாகப் பொருத்தியிருப்பீர்கள்; அளவு வேறானால் நிரலே பிழை சொல்லி நின்றுவிடும். பயிற்சியில் பொருத்திய வெக்டரைசரைக் கொண்டு சோதனைத் தரவுக்கு `transform` மட்டும் செய்ய வேண்டும். மறுபடி `fit` கூடாது. அக்யூரசி எவ்வளவு வந்தாலும் அதை 86.6-இலிருந்து எண்ணிப் பழகுங்கள். 90 என்பது நீங்கள் நினைக்கும் 90 அல்ல.

அறிகுறி: பிரசிஷனும் ரீகாலும் இடம் மாறி வருகின்றன

நண்பருடைய நோட்புக்கில் பிரசிஷன் 95, ரீகால் 85. உங்களுடையதில் அதே மாதிரி, அதே தரவு, ஆனால் பிரசிஷன் 85, ரீகால் 95. அக்யூரசியும், பிரசிஷனையும் ரீகாலையும் ஒரே எண்ணாகச் சேர்த்துச் சொல்லும் எஃப்1-உம் இருவருக்கும் அச்சு அசலாக ஒன்று. இது மாதிரியின் கோளாறு அல்ல, கை வழுக்கியது. சைகிட்-லேர்னில் உண்மை முதலில், கணிப்பு பிறகு:

```python
confusion_matrix(y_test, pred)
precision_score(y_test, pred, pos_label="spam")
```

இந்த வரிசையைத் திருப்பிக் கொடுத்தால் அட்டவணை குறுக்காகத் திரும்பிவிடும். 20 இருந்த இடத்தில் 6, 6 இருந்த இடத்தில் 20. 860-உம் 114-உம் மூலைவிட்டத்தில் இருப்பதால் அசையாது. அதனால்தான் அக்யூரசி மாறுவதில்லை, பிழையும் கண்ணில் படுவதில்லை. எஃப்1-க்கும் இரண்டு தவறுகளின் கூட்டுத்தொகைதான் வேண்டும், எது எங்கே என்பது வேண்டாம். ஆக, மற்ற இரண்டும் பொருந்தி, இந்த இரண்டு மட்டும் இடம் மாறியிருந்தால் இந்தப் பிழைதான்.

கண்டுபிடிக்கக் கூட்டல் போதும். வரிசைகளைக் கூட்டிப் பாருங்கள். மேல் வரிசை 866, கீழ் வரிசை 134 வர வேண்டும், ஏனென்றால் உண்மையில் எத்தனை ஸ்பேம் என்பதை எந்த மாதிரியாலும் மாற்ற முடியாது. அந்த எண்கள் நெடுவரிசைகளில் வந்தால் அட்டவணை திரும்பியிருக்கிறது. புத்தகத்தில் பார்த்த படத்தோடு ஒப்பிடும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். சில புத்தகங்கள் கணிப்பை வரிசையிலும் உண்மையை நெடுவரிசையிலும் வைக்கின்றன. சில ஸ்பேமை முதலில் எழுதுகின்றன. சைகிட்-லேர்ன் அகர வரிசைப்படி `ham`-ஐ முதலில் வைக்கும். எந்தப் பெட்டி எங்கே என்று மனப்பாடம் செய்தவர்கள் அடுத்த புத்தகத்தைத் திறந்ததும் மாட்டிக்கொள்வார்கள். கூட்டிப் பார்ப்பவர்கள் மாட்ட மாட்டார்கள்.

இன்னொரு வகையும் உண்டு: பிரசிஷன், ரீகால், எஃப்1, அக்யூரசி நான்குமே 0.97. அறிக்கையில் இப்படி வந்தால் மாணவர் மகிழ்ந்துபோகிறார். `classification_report`-இன் கடைசி வரியான `weighted avg`-ஐப் படித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த வரி இரு வகைகளின் மதிப்பெண்களையும் எண்ணிக்கைக்கு ஏற்றபடி சராசரி எடுக்கிறது. 866 நல்ல செய்திகளின் பளபளப்பில் 134 ஸ்பேமின் கதை மறைந்துபோகிறது. அந்த வரியின் ரீகால் கணக்குப்படி அக்யூரசியேதான், வேறு பெயரில். நீங்கள் படிக்க வேண்டியது `spam` என்று தொடங்கும் வரி ஒன்றைத்தான். அங்கே 0.95, 0.85 என்று இருக்கும்.

`pos_label`-ஐ எழுதாமல் விட்டால், குறிகள் எழுத்துகளாக இருக்கும்போது நிரல் `ValueError` சொல்லி நின்றுவிடும். அது நல்லது. ஆபத்து, `ham`-ஐ 1 என்றும் `spam`-ஐ 0 என்றும் மாற்றிவைத்தவர்களுக்கு: நிரல் சத்தமில்லாமல் நல்ல செய்திகளின் ரீகாலைச் சொல்லும். 860/866, அதாவது 99.3. வடிகட்டி பிரமாதம் என்று நம்பிவிடுவீர்கள்.

அறிகுறி: மதிப்பெண் நன்றாக இருக்கிறது, பயன்படுத்துபவர் திட்டுகிறார்

யார் எதற்காகத் திட்டுகிறார் என்று கேளுங்கள். "விளம்பரம் இன்னும் வருகிறது" என்றால் அவர் அந்த 20-ஐப் பற்றிப் பேசுகிறார். "வங்கியிலிருந்து ஓடிபி வரவில்லை" என்றால் அந்த 6. எண்ணில் 20 பெரியது. வலியில் 6 பெரியது. தேவையில்லாத செய்தி ஒன்றை அழிக்க இரண்டு நொடி போதும். ஸ்பேம் பெட்டிக்குள் போய்விட்ட ஓடிபியைத் தேடுவதற்குள் பணப்பரிமாற்றம் காலாவதியாகிவிடும். அதனால் ஸ்பேம் வடிகட்டியில் பிரசிஷனுக்கு முன்னுரிமை தருவது வழக்கம். புற்றுநோய் பரிசோதனையில் இது தலைகீழ்: அங்கே தப்பவிடுவதுதான் கொடுமை. எந்தத் தவறு விலை அதிகம் என்பதை எஃப்1 அறியாது. அது இரண்டையும் சம எடையில் வைக்கும். போட்டிகளில் பட்டியல் போட உதவும். ஒரு வடிகட்டியை வெளியே விடலாமா என்று முடிவெடுக்க அதை மட்டும் நம்பாதீர்கள்.

மருந்து பெரும்பாலும் வாசல் மதிப்பில் இருக்கிறது. மாதிரி ஒவ்வொரு செய்திக்கும் ஒரு நிகழ்தகவு தருகிறது. `predict` அதை 0.5-இல் வெட்டிவிடுகிறது. அந்த 0.5-ஐ யாரும் நம்மிடம் கேட்டு வைக்கவில்லை. மாற்றலாம்:

```python
p = model.predict_proba(X_val)[:, 1]
pred = np.where(p >= 0.9, "spam", "ham")
```

நம் உதாரணத்தில் 0.9-க்கு ஏற்றினால் பிடிபடும் ஸ்பேம் 94 ஆகக் குறைந்து, தவறாகச் சிக்கும் நல்ல செய்தி 1 ஆகிவிடுகிறது என்று வையுங்கள். பிரசிஷன் 95-இல் 94, ஏறத்தாழ 99. ரீகால் 70. மாறாக 0.2-க்கு இறக்கினால் 127 ஸ்பேம் பிடிபடலாம், கூடவே 30 நல்ல செய்திகளும் சிக்கும்: பிரசிஷன் 81, ரீகால் 95. முறத்தைப் பிடித்திருப்பவருக்கு இது தெரியும். சந்தேகமானதையெல்லாம் எறிந்தால் கல் தங்காது, ஆனால் சோறு குறையும்.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறும். முதலாவது, வாசல் மதிப்பைச் சோதனைத் தரவில் தேர்ந்தெடுப்பது. 0.01 வீதம் நகர்த்தி, அந்த 1,000 செய்திகளில் எது அழகாக வருகிறதோ அதை எடுத்தால், அந்த 1,000-க்கு மட்டும் பொருந்தும் சட்டையைத் தைத்திருக்கிறீர்கள். பயிற்சித் தரவிலிருந்து தனியாக ஒரு பகுதியை ஒதுக்கி அங்கே தேர்ந்தெடுங்கள். சோதனைத் தரவை ஒரே ஒருமுறை திறங்கள். இரண்டாவது, நைவ் பேயஸ். இந்த மாதிரிக்கு அடக்கம் தெரியாது. சொற்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எண்ணிப் பெருக்குவதால் நிகழ்தகவுகள் 0-க்கும் 1-க்கும் மிக அருகில் குவிந்துவிடும். 0.5-ஐ 0.9 ஆக்கினாலும் மேட்ரிக்ஸ் அசையவில்லை என்றால் நிரல் பழுதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். `p`-இன் மதிப்புகளை வரைபடமாகப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் மலை, நடுவே வெறும் மணல் என்றால் 0.999 போன்ற இடங்களில் தேட வேண்டியிருக்கும்.

அறிகுறி: சோதனையில் பிரசிஷன் 95, நிஜத்தில் 70

மாதிரி கெட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். கெடாமலே இது நடக்கும். கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

நம் வடிகட்டியின் இரண்டு பழக்கங்கள்: ஸ்பேமில் 85 சதவீதத்தைப் பிடிக்கும், நல்ல செய்திகளில் 866-க்கு 6 வீதம் தவறாகப் பிடிக்கும். இவை மாறவே இல்லை என்று கொள்ளுங்கள். இப்போது இதை ஸ்பேம் குறைவாக வரும் ஒருவரின் கைபேசியில் போடுகிறோம். அவருக்கு வரும் 10,000 செய்திகளில் 200 மட்டும் ஸ்பேம். அவற்றில் 170 பிடிபடும். மீதி 9,800 நல்ல செய்திகளில், அதே வீதத்தில், சுமார் 68 தவறாகச் சிக்கும். ஸ்பேம் பெட்டியில் 238 செய்திகள், அதில் 170 மட்டுமே நிஜ ஸ்பேம். பிரசிஷன் 71.

கண்ணும் கையும் அதேதான். அரிசி மட்டும் சுத்தமானது. கல் குறைவாக உள்ள அரிசியில் நீங்கள் எறிவதில் அரிசியின் பங்கு கூடத்தான் செய்யும். ரீகால் ஸ்பேமுக்குள் மட்டும் பார்ப்பது என்பதால் விகிதம் மாறினால் அசையாது. பிரசிஷன் இரண்டு வகைகளையும் கலந்து எண்ணுவது; அதனால் விகிதத்தோடு ஆடும்.

இதே காரணம் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். ஸ்பேம் குறைவாக இருக்கிறதே என்று 747 ஸ்பேமுக்கு 747 நல்ல செய்திகளை எடுத்துச் சமன் செய்துவிட்டு, அந்தச் சமன் செய்த குவியலிலிருந்தே சோதனைத் தரவையும் பிரித்துவிடுகிறார்கள். சரிபாதி ஸ்பேம் என்றால் இதே வடிகட்டிக்கு 500-இல் 425 பிடிபட்டு, 500 நல்லவற்றில் மூன்று நான்குதான் சிக்கும். பிரசிஷன் 99. எந்த முன்னேற்றமும் இல்லாமல் நாலு புள்ளி ஏறிவிட்டது. சமன் செய்வதானால் பயிற்சித் தரவை மட்டும் செய்யுங்கள், முதலில் பிரித்துவிட்டு. சோதனைத் தரவு நிஜ விகிதத்தில் இருக்கட்டும். சமன் செய்த பயிற்சித் தரவு மாதிரியின் நிகழ்தகவுகளை ஸ்பேம் பக்கம் சாய்க்கும் என்பதால் வாசல் மதிப்பையும் மறுபடி பார்க்க வேண்டும்.

எப்படிப் பிரித்தறிவது? நிஜத்தில் வந்த செய்திகளில் சில ஆயிரத்தை எடுத்துக் கையால் குறியிடுங்கள். நல்ல செய்திகளில் தவறாகச் சிக்கும் வீதம் பழையபடியே 0.7 சதவீதம் அளவில் இருந்து, பிரசிஷன் மட்டும் விழுந்திருந்தால் விகிதம்தான் காரணம். அந்த வீதமே ஏறியிருந்தால் செய்திகளின் தன்மை மாறியிருக்கிறது. அதற்கு அடுத்த அறிகுறியைப் படியுங்கள்.

அறிகுறி: எல்லாம் 99, நம்பவே முடியவில்லை

நம்பாதீர்கள். இந்தத் தொகுப்பின் பிறப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஸ்பேமில் 425 செய்திகள் கிரம்பிள்டெக்ஸ்ட் என்ற பிரிட்டன் இணையதளத்தில், தொல்லைச் செய்தி வந்தவர்கள் புகாராகப் பதிந்தவை. நல்ல செய்திகளில் 3,375 சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் எஸ்எம்எஸ் தொகுப்பிலிருந்து வந்தவை. பெரும்பாலும் அங்குள்ள மாணவர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டவை. அதாவது கல் ஒரு ஊரிலிருந்தும் அரிசி வேறொரு ஊரிலிருந்தும் வந்திருக்கிறது. மாதிரி ஸ்பேமைக் கற்றதா, சிங்கப்பூர்ப் பேச்சைக் கற்றதா என்பது மதிப்பெண்ணில் தெரியாது.

லாஜிஸ்டிக் ரிக்ரஷன் பயன்படுத்தியிருந்தால் எடைகளை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஸ்பேம் பக்கம் `claim`, `txt`, `prize` வந்தால் நியாயம். நல்ல பக்கம் சிங்கப்பூர்ப் பேச்சில் புழங்கும் `lor`, `lah` வந்தால் யோசியுங்கள். நம்மூர் 'டா'கூட `da` என்று இந்தத் தொகுப்பின் நல்ல செய்திகளில் தலைகாட்டுகிறது. இந்த வடிகட்டியை இங்கே ஒருவரின் கைபேசியில் போட்டால், வங்கியின் ஓடிபியில் `lor` இருக்காது, `da`-வும் இருக்காது. எண்களும் பெரிய எழுத்துகளும் தொலைபேசி எண்ணும் இருக்கும். தொகுப்பின் கண்ணுக்கு அது ஸ்பேம் மாதிரியே தெரியும். ஓடிபி தொலைந்த கதை இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது காரணம் இரட்டைப் பிரதிகள். பரவலாகப் புழங்கும் `spam.csv` கோப்பில் 5,572 வரிகள். அவற்றில் 403 அப்படியே மறுபடி வந்தவை. நீக்கினால் 5,169 மிஞ்சும். நீக்காமல் பிரித்தால் ஒரே செய்தி பயிற்சியிலும் சோதனையிலும் உட்கார்ந்துவிடும். வினாத்தாளை முன்பே பார்த்த மாணவருக்கு மதிப்பெண் போடுவது போலாகும். பிரிப்பதற்கு முன்பே நீக்குங்கள்:

```python
df = df.drop_duplicates()
train, test = train_test_split(
    df, test_size=0.2, stratify=df["label"], random_state=7)
```

`label` என்பது உங்கள் கோப்பில் அந்த நெடுவரிசைக்கு உள்ள பெயர். எழுத்துக்கு எழுத்து ஒத்தவற்றை மட்டுமே இது நீக்கும். தொலைபேசி எண் மட்டும் மாறி மற்றதெல்லாம் ஒன்றாக உள்ள ஸ்பேம்கள் தப்பிவிடும். எண்களையெல்லாம் ஒரே குறியாக மாற்றிவிட்டு மறுபடி நீக்கிப் பார்த்தால் அவையும் அகப்படும்.

இவ்வளவும் செய்தபின் 95 என்று வந்த பிரசிஷன் 96.6 ஆகிவிட்டது என்று யாராவது கொண்டாடினால், பெட்டியைத் திறந்து காட்டுங்கள். 114 பிடிபட்டது, தவறாகச் சிக்கியது 6-இலிருந்து 4 ஆனது. இரண்டு செய்திகள். `random_state`-ஐ 7-இலிருந்து 8-ஆக மாற்றினாலே அது 9 ஆகிப் பிரசிஷன் 92.7-க்கு இறங்கக்கூடும். ஐந்தாறு முறை வேறு வேறாகப் பிரித்து ஓட்டி, எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்த பிறகே எந்த மாதிரி மேல் என்று பேசலாம்.

அந்த 6 செய்திகளையும் அச்சிட்டுப் படிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது:

```python
wrong = test[(test["label"] == "ham") & (pred == "spam")]
print(*wrong["text"], sep="\n")
```

இங்கே `text` என்பது செய்தி உள்ள நெடுவரிசையின் பெயர். `pred` சோதனைத் தரவின் மேல் எடுத்த கணிப்பாக இருக்க வேண்டும். சற்று முன் `X_val`-இல் எடுத்ததை அப்படியே போட்டால் நீளம் பொருந்தாது என்று நிரல் நிற்கும், அல்லது தற்செயலாக நீளம் ஒத்துப்போனால் சம்பந்தமில்லாத செய்திகளைக் காட்டும்.